மூன்று நாள் பயிற்சியும் ஒரு குறிப்பேடும்

நம் அத்தா தம் வாழ்நாளின் இறுதிப் பத்தாண்டுகளை நாற்காலியில் அமர்ந்தே தொழுது கழித்தார்கள். அவர்களுக்கு மூட்டுத் தேய்வு இருந்ததென்னவோ உண்மை. ஆயினும் அதற்கும் முன்பே தொடைகளின் வலு குன்றிவிட்டது என்பதை நாம் அன்று அறிந்திலோம். சஜ்தாவிலிருந்து எழும்போது முதலில் ஒரு கையை ஊன்றினார்கள். பின்னர்ச் சுவரைப் பற்றினார்கள். பின்னர் நாற்காலி வந்தது. நாற்காலி வந்தபின் தொடைகளுக்கு எஞ்சியிருந்த சிறு வேலையும் இல்லாதொழிந்தது.

நாற்பத்தாறாம் அகவையில் நாமும் அந்த முதற்படியில் கால் வைத்தோம் என்பதே இக்கட்டுரை பிறந்த காரணம். அதுவும் உடல் பருத்திருந்தபோதன்று, உடல் மெலிந்தபோது.

குருதியில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றும், எடையில் எட்டுக் கிலோவேனும் குறைய வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். அப்போது நம் எடை 86 கிலோ. நாம் உடனே இரவு உணவைத் துறந்தோம். நாள்தோறும் மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவை வலம் வந்தோம். நான்கு திங்களில் ஆறு கிலோ இறங்கிற்று. கண்டவரெல்லாம் பாராட்டினர். ஆனால் சட்டையின் தோள் தொங்கியதே தவிர, வேட்டி கட்டுமிடத்தில் வயிறு பெரிதும் மாறவில்லை. இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தை இரண்டாம் மாடிக்கு ஒரே மூச்சில் ஏற்றி வந்த நாம், இடையில் இருமுறை இறக்கி வைத்தோம். ஒரு நாள் பள்ளிவாசலில் சஜ்தாவிலிருந்து எழும்போது பக்கத்திலிருந்தவர் தோளை நம்மை அறியாமலே பற்றினோம். அன்று இரவு உறக்கம் கொள்ளவில்லை. பின்பு பசி தாளாது பழைய உணவுக்குத் திரும்பியதும் இழந்த ஆறில் நான்கு கிலோ மீண்டும் வந்து சேர்ந்தது. போனது தசையும் கொழுப்பும். திரும்பி வந்தது பெரும்பாலும் கொழுப்பு.

உடலின் கணக்கு எளியது. செலவைவிட வரவு குறைந்தால் உடல் தன் சேமிப்பில் கை வைக்கும். சேமிப்பு இரண்டு இடங்களில் உள்ளது: ஒன்று கொழுப்பு, மற்றொன்று தசை. எதனை எடுப்பது என்று உடல் முடிவு செய்கையில், எது வேலை செய்யாமல் இருக்கிறதோ அதனைத் தயங்காமல் எடுக்கிறது. பளு தூக்குகிறவனின் தசைக்கு வேலை இருக்கிறது. ஆதலின் அது பெரிதும் காக்கப்படுகிறது. கொழுப்பைக் கரைப்பது உணவுக் குறைப்பு. தசையைக் காப்பது பளு. இவ்விரண்டையும் குழப்பிக் கொள்வதாலேயே பலரும் ஏமாறுகின்றனர்.

இதனை நமக்கு விளக்கியவர், உடற்கல்வி இயக்குநராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்று அடையாற்றில் வாழும் மூத்த நண்பர் ஒருவர். ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் தொடங்கியதும் இன்று நந்தனத்தில் விளங்குவதுமான ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்றவர் அவர். நாம் தியாகராய நகரில் ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து, அங்கிருந்த மாஸ்டர் தந்த ஆறு நாள் அட்டவணையைக் காட்டினோம். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று நாளுக்கோர் உறுப்பாக அது அமைந்திருந்தது. இரண்டு வாரத்தில் கை தூக்கிக் கரும்பலகையில் எழுத முடியாத வலி. மூன்றாம் வாரத்தில் தேர்வுப் பணி வந்து இரு நாள் தவறியது. அவ்வாரம் கால்களுக்கும் முதுகுக்கும் பயிற்சியே இல்லாமற்போயிற்று.

நண்பர் சிரித்தார். "தம்பி, இது வேறு வேலை இல்லாத இளைஞனுக்கான அட்டவணை. குறைவாகச் சாப்பிடுகிறவனின் உடம்புக்குப் பழுதுபார்க்கும் சரக்கு குறைவு. வாரம் மூன்று நாள் போதும். ஆனால் மூன்று நாளும் முழு உடம்பும் உழைக்க வேண்டும்" என்றார்.

இதன் நியாயத்தைச் சிந்தித்துப் பார்த்தோம். ஒரு தசைக்குப் பயிற்சி தந்தால் அது தன்னைச் சீரமைத்துக் கொள்ளும் வேலை ஓரிரு நாளில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வாரத்திற்கு ஒருமுறை மட்டும் அதனைத் தட்டி எழுப்பினால் எஞ்சிய நாள்களில் அது சும்மா இருக்கிறது. மூன்று நாளும் முழு உடலையும் தொட்டால் ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் இரண்டு மூன்று முறை அழைப்பு வருகிறது. இடையில் ஓய்வும் கிட்டுகிறது. ஒரு நாள் தவறினும் எந்த உறுப்பும் முற்றாக விடுபடுவதில்லை. ஞாயிறு, செவ்வாய், வியாழன் என நாம் நாள்களை வகுத்துக் கொண்டோம். வெள்ளி ஜும்ஆவுக்கு உரியது; அதற்கு முன்னும் பின்னும் பரபரப்பு வேண்டாம் என எண்ணினோம்.

அட்டவணை அமைக்கையில் உறுப்புகளை எண்ணாமல் அசைவுகளை எண்ண வேண்டும் என்பது நண்பரின் பாடம். மனிதன் குந்தி எழுகிறான், இடுப்பை மடித்துத் தரையிலிருந்து எடுக்கிறான், தள்ளுகிறான், இழுக்கிறான், சுமந்து நடக்கிறான். இவ்வளவுதான். ஞாயிறன்று பளுவுடன் குந்தி எழும் ஸ்குவாட், பெஞ்சில் படுத்துக் கம்பியை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், அமர்ந்தபடி கேபிளை வயிற்றை நோக்கி இழுப்பது ஆகிய மூன்று. செவ்வாயன்று முழங்காலைச் சற்றே தளர்த்தி, முதுகு வளையாமல் இடுப்பை மடித்துக் கம்பியை எடுக்கும் ருமேனியன் டெட்லிஃப்ட், தம்பிள்ஸைத் தலைக்கு மேல் உயர்த்துவது, மேலிருக்கும் கம்பியை மார்புக்கு இழுப்பது; இறுதியில் இரு கைகளிலும் தம்பிள்ஸ் ஏந்தி நடப்பது. வியாழனன்று இலேசான எடையுடன் மீண்டும் குந்தி எழுதல், நம் முன்னோர் அறிந்த தண்டால், ஒரு கையை ஊன்றி மறு கையால் தம்பிள்ஸை இழுத்தல். ஒவ்வொன்றும் மூன்று சுற்று. சுற்றுக்கு எட்டு முதல் பத்துத் தடவை. சுற்றுகளுக்கிடையே இரண்டு நிமிட ஓய்வு. முதலில் வெறுங்கம்பியுடன் ஒரு சுற்றுச் செய்து உடலைச் சூடாக்கிக் கொள்ள வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும்.

ஒவ்வொரு சுற்றையும் எங்கே நிறுத்துவது என்பது முக்கியம். இன்னும் இரண்டு தடவை நல்ல முறையில் செய்ய இயலும் என்ற நிலையில் நிறுத்திவிட வேண்டும். நடுங்கி, நெளிந்து, முதுகு வளைந்து எடுக்கும் கடைசித் தடவை பலனைக் காட்டிலும் காயத்தையே மிகுதியாகத் தரும். மூச்சை நெடுநேரம் அடக்கிக் கொண்டு தூக்குவது இரத்த அழுத்தத்தைச் சட்டென உயர்த்தும்; ஆதலின் தள்ளும்போது மூச்சை வெளியே விடுதல் நன்று. இரத்த அழுத்தமோ இதய நோயோ உடையவர் மருத்துவரைக் கண்ட பின்னரே கம்பியைத் தொட வேண்டும்.

இனி நாம் சொல்ல விழைவது இதன் உயிர்நாடியான செய்தி. தென்மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல் இருப்பதை மாணவர் பலர் அறிவர். அந்தக் கல்லின் எடை என்றும் மாறாது. ஆகவே அது வலிமையைச் சோதிக்கும் கல். வலிமையை வளர்க்கும் கல் அன்று. மாநகராட்சிப் பூங்காக்கள் சிலவற்றில் நிறுவியுள்ள இரும்புக் கருவிகளிலும் இதே குறை உண்டு. அவற்றில் எடையைக் கூட்ட வழியில்லை. முதல் மாதம் உடல் பழகிக் கொள்ளும். அதன்பின் அதே அசைவு தசைக்குப் புதிய செய்தி எதனையும் சொல்வதில்லை. சுமை சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே போக வேண்டும். 1940களில் தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர், காலில் காயமுற்ற படைவீரர்களை இரும்புத் தட்டுகளின் எடையைப் படிப்படியாகக் கூட்டித் தூக்கச் செய்து குணப்படுத்தினார். மெலிந்த தொடை மீண்டும் வலுப்பெறுவதை அளந்து எழுதி வைத்தவர் அவர். இன்று உடற்பயிற்சிக்கூடங்களில் வழங்கும் முறைக்கு அவர் பணி ஒரு முதன்மையான அடித்தளம்.

படிப்படியாகக் கூட்டுவது என்றால் எப்போது, எவ்வளவு? இவ்விடத்தில்தான் நமக்குக் குறிப்பேடு துணை செய்தது. பெஞ்ச் பிரஸ் ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுவோம். கம்பியின் எடை 20 கிலோ. இருபுறமும் இரண்டரைக் கிலோத் தட்டு ஒன்று கோத்தால் 25. முதல் ஞாயிறு இதனை 10, 9, 8 என்று மூன்று சுற்றில் செய்தோம். அடுத்த ஞாயிறு 10, 10, 9. மூன்றாம் ஞாயிறு 10, 10, 10. மூன்று சுற்றும் பத்தைத் தொட்டதும் எடை கூட்டும் உரிமை பிறக்கிறது; அதற்கு முன் இல்லை. நான்காம் ஞாயிறு 27.5 கிலோவுடன் 9, 8, 8. மறுபடியும் பத்தை நோக்கிய பயணம். எண்ணிக்கை ஏறும், பின் எடை ஏறும், எடை ஏறியதும் எண்ணிக்கை இறங்கும், மீண்டும் ஏறும். மனக்கணக்கில் இது நிற்காது. சென்ற வாரம் என்ன செய்தோம் என்பதை எழுதி வைக்காதவன் ஒவ்வொரு வாரமும் ஒரே இளவட்டக்கல்லைத்தான் தூக்கிக் கொண்டிருப்பான்.

இதில் ஒரு சிறு இடையூறு வந்தது. அக்கூடத்தில் இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த தட்டு இல்லை. இருபுறமும் கோத்தால் ஒரேயடியாக ஐந்து கிலோ ஏறும். 25 கிலோ தூக்குகிறவனுக்கு அது ஐந்தில் ஒரு பங்கு உயர்வு. பெரும்பாலோர் அங்கேதான் முடங்கி, தமக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டுகின்றனர். நாம் ஒன்றேகால் கிலோத் தட்டு இரண்டினை விலைக்கு வாங்கினோம். விடைத்தாள்களுடன் அவற்றையும் ஒரு மஞ்சள் பையில் சுமந்து சென்றதைக் கண்டு மாணவர் சிலர் வியந்ததுண்டு. மறைவாக நகைத்ததும் உண்டு.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டினி கூடாது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். வாரத்திற்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை இறங்கும். மதியச் சோற்றைப் பாதியாக்கினோம். தேநீரில் சர்க்கரையையும் மாலைச் சமோசாவையும் விட்டோம். ஆனால் புரதத்தைக் குறைக்கவில்லை, கூட்டினோம். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரைக் கிராம் என்னும் கணக்கில் நமக்கு நாள்தோறும் 120 கிராம் அளவில் தேவைப்பட்டது. காலையில் இரண்டு முட்டையும் மேலும் இரண்டின் வெள்ளைக்கருவும், மதியம் பட்டினப்பாக்கத்து மீன் இருநூறு கிராம், மாலையில் ஒரு கோப்பைக் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவில் நூறு கிராம் கோழியிறைச்சியும் ஒரு கிண்ணம் தயிரும் உண்டால் நூறு கிராமைக் கடந்துவிடுகிறது. எஞ்சியதை இட்லியும் பருப்பும் தருகின்றன. சிறுநீரகக் கோளாறு உடையவர் மட்டும் இக்கணக்கை மருத்துவரைக் கேளாமல் பின்பற்றலாகாது. வயிற்றுக்கான பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது பொய். எங்கிருந்து எடுப்பது என்பதை உடலே முடிவு செய்கிறது.

எடை பார்ப்பதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு திருமணத்தில் பிரியாணி உண்ட மறுநாள் நம் எடை ஒன்றேகால் கிலோ ஏறியிருந்தது. அது கொழுப்பன்று, உப்பும் சோறும் பிடித்து வைத்த நீர். ஆகவே சுபுஹுத் தொழுகைக்குப் பின் நாள்தோறும் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் சென்ற வாரச் சராசரியுடன் ஒப்பிட்டோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொப்பூழ் மட்டத்தில் நாடா வைத்து இடுப்பளவு எடுத்தோம். எடை இறங்கி இடுப்பும் இறங்கி, தூக்கும் சுமை மட்டும் ஏறினால் போவது கொழுப்பு. எடை இறங்கத் தூக்கும் சுமையும் இறங்கினால் தசை போகிறதென ஐயுற வேண்டும்.

அந்த ஐயம் நமக்குப் பதின்மூன்றாம் வாரத்தில் வந்தது. பெஞ்ச் பிரஸ் 35 கிலோவை எட்டியிருந்தது: 9, 8, 8. அடுத்த வாரம் 8, 7, 6. அதற்கடுத்த வாரம் 7, 6, 6. வழக்கமாக இத்தகைய நேரத்தில் மனிதன் இன்னும் கடுமையாக உழைக்க முற்படுவான். நாமும் அவ்வாறே எண்ணினோம். நண்பரோ குறிப்பேட்டின் எடைப் பக்கத்தைத் திருப்பினார். அவ்விரு வாரங்களில் வாரம் ஒன்றுக்கு 900 கிராம் இறங்கியிருந்தது. "விடைத்தாள் திருத்துகிறீர்களா?" என்று கேட்டார். ஆம், இரவு ஒரு மணி வரை திருத்தினோம், ஐந்து மணி நேரமே உறக்கம், இரவு உணவும் பல நாள் தவறியது. "கம்பி உங்களைக் காட்டிக் கொடுத்துவிட்டது தம்பி" என்றார் அவர். நாளுக்கு ஒரு சப்பாத்தியும் ஒரு முட்டையும் கூட்டினோம். பதினொரு மணிக்கு விளக்கணைத்தோம். சுமையை 30 கிலோவுக்கு இறக்கினோம். அடுத்த வாரம் 32.5, பதினெட்டாம் வாரம் 35 கிலோவில் 8, 8, 8. பின்வாங்கியதால் ஒன்றும் கெடவில்லை.

ரமலானில் என் செய்வது எனச் சமுதாயப் பெரியோர் வினவக்கூடும். நம் அனுபவம் இதுதான்: தராவீஹ் முடிந்து, நீர் நன்கு பருகிய பின் பயிற்சி செய்தோம். மூன்று சுற்றை இரண்டாகக் குறைத்தோம். ஆனால் கம்பியின் எடையைக் குறைக்கவில்லை. அம்மாதத்தில் ஏற்றம் எதிர்பார்க்கவில்லை. இருப்பதைக் காத்தல் ஒன்றே குறிக்கோள். சுற்றுகள் குறைந்தாலும் சுமை குறையாதிருந்தால் வலிமை நிலைக்கிறது என்பதை ஷவ்வால் முதல் வாரத்தில் கண்டோம். பகலில் நோன்புடன் வியர்க்கத் தூக்குவது அறிவுடைமையன்று.

இருபத்துநான்கு வாரம் நிறைந்தபோது குறிப்பேட்டில் இருந்தவை இவை. எடை 84இலிருந்து 75.4. இடுப்பளவு 101 சென்டிமீட்டரிலிருந்து 90. தெற்காசிய ஆடவர்க்கு அதுவே மருத்துவர் சொல்லும் எல்லை. பத்துக் கிலோத் தம்பிள்ஸை மார்பில் அணைத்துத் தொடங்கிய குந்தி எழுதல், தோளில் ஐம்பது கிலோக் கம்பியுடன் எட்டுத் தடவை. முன்பு பட்டினியால் இறங்கிய ஆறு கிலோவுக்கும், இப்போது இறங்கிய எட்டரைக் கிலோவுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஐம்பதில் இருக்கிறது. தொடக்கநிலையினர்க்கே இவ்வளவு விரைவான ஏற்றம் கிட்டும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இனி ஏற்றம் மெல்லத்தான் வரும். மாதத்திற்கு ஒருமுறை எடை கூட்ட முடிந்தாலும் நிறைவுதான்.

சென்ற வாரம் அரிசிச் சிப்பம் வந்தது. இரண்டாம் மாடிக்கு இறக்கி வைக்காமல் ஏற்றினோம். பின்னர் வீட்டின் மூலையில் கிடந்த அத்தாவின் நாற்காலியைத் துடைத்து வைத்தோம். அது ஒரு நாள் நமக்கும் தேவைப்படலாம். இறைவன் நாட்டம் எதுவோ, அறியோம். ஆனால் அந்நாளைத் தள்ளிப் போடும் வேலை ஞாயிறு, செவ்வாய், வியாழன் என மூன்று நாள்களில் எழுதப்பட்டுக் குறிப்பேட்டில் இருக்கிறது. நாளை செவ்வாய்க்கிழமை. ருமேனியன் டெட்லிஃப்ட், 55 கிலோ; சென்ற வாரம் 10, 10, 9.